ஒரே பக்கத்தில் ஏழு ரக ஐகான்: எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்குவது?

நூலகமேசை எழுதியது:

வணக்கம். நான் வரைகலை தெரிந்தவள் இல்லை. எங்கள் நூலகத்தின் இணையப் பக்கமும், புது உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் கையேடும் இப்போது என் பொறுப்பில். எனக்கு முன்னால் பார்த்துக்கொண்டவர்கள் பலர். ஒவ்வொருவரும் அந்தந்த நேரத்தில் தேடலில் எது முதலில் வந்ததோ அதை எடுத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மொத்தம் பதினான்கு ஐகான். "நூல் தேடல்" என்பதற்குப் பளபளக்கும் நீலக் கண்ணாடி போட்ட முப்பரிமாணப் பூதக்கண்ணாடி. "உறுப்பினர் அட்டை" மெல்லிய கோட்டுப் படம். "தாமதக் கட்டணம்" என்ற இடத்தில் வியர்வை தெறிக்க ஓடும் கார்ட்டூன் ஆள். "சிறுவர் பகுதி"க்குத் தடித்த கறுப்பு விளிம்போடு ஒரு பழைய கிளிப் ஆர்ட் கரடி. வாசிப்புக் கூடத்துக்குத் தட்டையான வண்ணச் சித்திரம். மீதி எல்லாம் கறுப்பு நிழலுருவம், சில இடங்களில் வெறும் இமோஜி.

பார்க்கவே துண்டு நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. டிசைனர் வைக்க வழியில்லை. எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா, இல்லை சிலதை மட்டும் மாற்றினால் சமாளிக்கலாமா? எங்கே ஆரம்பிப்பது?

---

வேகவேங்கை எழுதியது:

சிம்பிள். எல்லாத்தையும் ஒரே கலருக்கு மாத்துங்க, முடிஞ்சது வேலை. அடர் நீலம் ஒண்ணு எடுத்துக்கோங்க. பவர்பாயிண்ட்ல இருந்தா "Recolor" ஒரே கிளிக். வேற தொகுப்புன்னே யாருக்கும் தெரியாது.

---

நூலகமேசை எழுதியது:

நன்றி, உடனே செய்து பார்த்தேன். நிறம் ஒன்றானது, பழையபடி கண்ணை உறுத்தவில்லை. ஆனால் இப்போது வேறொன்று தெரிகிறது. உறுப்பினர் அட்டை மங்கிப்போய் ஒதுங்கி நிற்கிறது, அதன் பக்கத்தில் இருக்கும் கறுப்புப் புத்தகம் (இப்போது நீலப் புத்தகம்) கத்துகிறது. பூதக்கண்ணாடியின் பளபளப்பு போய் நீலத் திட்டாக ஆகிவிட்டது. நாட்காட்டி மட்டும் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிகிறது, அளவு எல்லாம் 48 பிக்சல்தான், சரிபார்த்துவிட்டேன். ஏன் இப்படி?

---

கோடும்புள்ளியும் எழுதியது:

வேங்கை சொன்னது தப்பில்லை, பாதி வேலை அது. வண்ணம் ஒன்றானதால்தான் மற்ற முரண் எல்லாம் உங்கள் கண்ணுக்கே தட்டுப்பட்டது. இதுவரை வண்ணக் கலவரத்தில் அது ஒளிந்திருந்தது.

முதலில் ஒரு சோதனை. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, படம் திருத்தும் எந்த மென்பொருளிலாவது நன்றாக மங்கலாக்குங்கள். பதினான்கும் ஏறத்தாழ ஒரே சாம்பல் திட்டாகத் தெரிந்தால் அவை ஒரு குடும்பம். சில திட்டு கரியாகவும் சில இல்லாத மாதிரியும் தெரிந்தால், அவற்றின் கனம் வேறு. உங்கள் அட்டை மறைந்துபோகும், புத்தகம் கரித்திட்டாக நிற்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

கனத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டு விஷயம். கோட்டுப் படமா நிரப்பிய படமா என்பது ஒன்று. கோட்டுப் படம் என்றால் கோட்டின் தடிமன் எவ்வளவு என்பது இன்னொன்று. முதலாவது பார்த்தாலே தெரியும். இரண்டாவதில்தான் எல்லோரும் ஏமாறுவது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எஸ்விஜி கோப்பை, அதாவது படத்தை எழுத்தும் எண்ணுமாகச் சேமித்த கோப்பை, நோட்பேடில் திறந்தால் `viewBox` என்று ஒன்றும் `stroke-width` என்று ஒன்றும் இருக்கும். முதலாவது அந்தப் படம் வரையப்பட்ட கட்டத்தின் அளவு, இரண்டாவது அந்தக் கட்டத்தில் கோட்டின் தடிமன். திரையில் விழும் தடிமன் இந்த இரண்டும் சேர்ந்து வருவது:

```
திரைத் தடிமன் = stroke-width × காட்டும் அளவு ÷ கட்டம்

24 கட்டம், stroke-width 2    →  2 × 48 ÷ 24   = 4 பிக்சல்
32 கட்டம், stroke-width 2    →  2 × 48 ÷ 32   = 3 பிக்சல்
24 கட்டம், stroke-width 1.5  →  1.5 × 48 ÷ 24 = 3 பிக்சல்
```

முதல் இரண்டு கோப்பிலும் "2" என்றுதான் எழுதியிருக்கும், திரையில் ஒன்று தடிப்பு, ஒன்று மெலிவு. கடைசி இரண்டிலும் எண் வேறு, திரையில் ஒன்றேதான். எண்ணை மட்டும் பார்த்து "எல்லாம் 2 தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

நாட்காட்டி பெரிதாகத் தெரிவது வேறு சங்கதி. நல்ல தொகுப்புகளில் கட்டத்தின் ஓரம்வரை வரைய மாட்டார்கள். கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு விதிகளில் 24 கட்டத்துக்குள் சதுர வடிவம் 18, வட்ட வடிவம் 20 என்று வைத்திருக்கிறார்கள். வட்டத்துக்கு ஏன் கூடுதல் என்றால், சதுரத்தின் மூலைகள் அதற்குக் கூடுதல் பரப்பைக் கொடுத்துவிடுகின்றன. இரண்டையும் ஒரே அகலத்தில் வரைந்தால் வட்டம் சின்னதாகத் தெரியும். உங்கள் நாட்காட்டியை யாரோ ஓரம் ஒட்டி வெட்டிச் சேமித்திருக்கிறார்கள், அதனால் 48க்குள் முழுவதும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் `viewBox` என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

நூலகமேசை எழுதியது:

நாட்காட்டியில் `viewBox="0 0 20 20"` என்று இருக்கிறது. படம் நாலு ஓரமும் தொடுகிறது, நீங்கள் சொன்னபடியே.

---

கோடும்புள்ளியும் எழுதியது:

அதை `viewBox="-2 -2 24 24"` என்று மாற்றிச் சேமியுங்கள். படத்தைத் தொடவே வேண்டாம். ஜன்னல் மட்டும் பெரிதாகி நாலு பக்கமும் 2 அலகு இடைவெளி வந்துவிடும். கட்டம் 20இலிருந்து 24 ஆகிவிட்டதால் கோடும் அந்த விகிதத்தில் மெலியும், மறக்காமல் தடிமனை மறுபடி கணக்குப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. இப்படி ஒவ்வொன்றாக ஒட்டுப்போடுவது ரெண்டு மூன்று ஐகானுக்குத் தாங்கும். பதினான்கில் பாதிக்கு மேல் வேறு ரகம் என்றால், பேசாமல் ஒரே தொகுப்பிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக எடுங்கள். ஒட்டுப்போடும் நேரத்தில் கால்வாசி கூட ஆகாது.

---

சிட்டு_தீம் எழுதியது:

இதுக்குத்தான் ஐகான் பேக்னு ஒண்ணு இருக்கே! நல்ல லாஞ்சர் ஒண்ணு இன்ஸ்டால் பண்ணி ஒரு பேக் போட்டா மொபைல்ல எல்லாம் ஒரே மாதிரி ஆகிடும். நான் வட்டமா இருக்கற பேக்தான் வெச்சிருக்கேன், சூப்பரா இருக்கு. பேக்ல இல்லாத ஆப் மட்டும் கொஞ்சம் அசிங்கமா இருக்கும், ஆனா வட்டத்துக்குள்ள போட்டு மறைச்சிரும்.

---

வேகவேங்கை எழுதியது:

தம்பி, அவங்க கேக்கறது போன் தீம் இல்லை, வெப் பக்கத்துல வர்ற ஐகான்.

ஆனா ஐடியா நல்லாத்தான் இருக்கு. எல்லாத்துக்கும் பின்னாடி ஒரே சைஸ் வட்டம் போட்டு, உள்ள வெள்ளைல ஐகானை வெச்சா?

---

கோடும்புள்ளியும் எழுதியது:

தம்பி கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் சொன்ன உத்தி உருப்படியானது. பின்னால் ஒரே வட்டமோ முனை மழுங்கிய சதுரமோ வைத்தால் கண் முதலில் அந்த வட்டங்களைத்தான் எண்ணும். வெளி விளிம்பு ஒன்றாகிவிடுவதால் உள்ளே இருக்கும் சிறு வித்தியாசங்கள் அடங்கிப்போகும். உறுப்பினர் அட்டைக்கும் புத்தகத்துக்கும் இருக்கிற கன வித்தியாசம் மட்டும் அடங்காது. வெள்ளைக் கோடு அடர்நீலத்தில் மெலிந்தும், வெள்ளை நிரப்பு கொழுத்தும் தெரியும். அந்த வியர்வை ஆள் எந்த வட்டத்துக்குள் போனாலும் வியர்வை ஆள்தான்.

தற்காலிகத்துக்கு வட்டம் போடுங்கள். நிரந்தரத்துக்குத் தொகுப்பை மாற்றுங்கள்.

---

நூலகமேசை எழுதியது:

சரி, ஒரே தொகுப்பு என்று முடிவெடுத்து Feather தொகுப்பைப் பார்த்தேன். எளிமையாக, எனக்குப் பிடித்த மாதிரி இருக்கிறது. புத்தகம், தேடல், கடிகாரம், ஆள், நாட்காட்டி எல்லாம் கிடைத்தன. ஆனால் பதினான்கில் ஒன்பதுதான் தேறுகிறது. மீதிக்கு இன்னொரு தொகுப்பிலிருந்து கடன் வாங்கலாமா?

இன்னொரு சந்தேகம். பழைய உறுப்பினர் அட்டை ஐகான் எனக்குப் பிடிக்கும், அதைத் தடிப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று கோப்பைத் திறந்தால் `stroke-width` என்ற சொல்லே இல்லை. நீளமாக எண்கள் மட்டும் இருக்கின்றன.

---

கோடும்புள்ளியும் எழுதியது:

இரண்டாவதற்கு முதலில் பதில். அந்தக் கோப்பில் கோடு என்று நீங்கள் பார்ப்பது கோடு இல்லை. கோட்டின் இரு பக்க விளிம்பையும் வரைந்து நடுவில் நிரப்பிய வடிவம் அது. ஏற்றுமதி செய்யும்போது யாரோ அப்படி மாற்றியிருக்கிறார்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து `View > Display Mode > Outline` போட்டுப் பாருங்கள். ஒரு கோடு இருக்க வேண்டிய இடத்தில் இணையாக இரண்டு கோடு ஓடினால் அதுதான். அதைத் தடிப்பாக்க எண்ணை மாற்ற முடியாது. நடுக்கோட்டை மறுபடி கையால் வரைய வேண்டும். ஒரு அட்டைக்காக அதைச் செய்யலாம், மூலை மழுங்கிய செவ்வகமும் ஒரு தலையும் ரெண்டு வரியும்தானே. ஆனால் அதே நேரத்தில் புதுத் தொகுப்பிலேயே அட்டை கிடைக்கும்.

Feather பற்றி: அதில் மொத்தமே முந்நூறுக்கும் குறைவு, அதனால்தான் தட்டுப்படவில்லை. கடன் வாங்குவதாக இருந்தால் கண்டபடி வாங்காதீர்கள். Lucide என்று ஒன்று உண்டு. Feather-இலிருந்து கிளைத்ததுதான். அதே 24 கட்டம், அதே 2 தடிமன், அதே உருண்டை முனை, எண்ணிக்கை மட்டும் ஆயிரத்துக்கு மேல். Tabler-உம் 24 கட்டம், 2 தடிமன்தான், அதிலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. என்னைக் கேட்டால் Feather-ஐ விட்டுவிட்டு பதினான்கையும் Lucide-இலேயே எடுப்பேன். ஒரே பக்கத்துக்கு Feather-இல் பாதி, Lucide-இல் பாதி என்று எடுக்க ஆரம்பித்தால் நாளைக்கு உங்கள் இடத்துக்கு வருபவர் மூன்றாவதைச் சேர்ப்பார்.

எண் பொருந்தினாலும் பொருந்தாத விஷயம் ஒன்று இருக்கிறது, விவர அளவு. ஒரு தொகுப்பில் புத்தகம் என்றால் ஒரு விளிம்பும் ஒரு மடிப்பும். இன்னொன்றில் அதே புத்தகத்தில் பக்கம் பக்கமாக வரி இருக்கும். தடிமன், முனை, கட்டம் எல்லாம் ஒத்துப்போயும் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறு ஆள் வரைந்தது என்று தெரிந்துவிடும். ஒரு ஐகானில் எத்தனை கோடு என்று எண்ணிப் பாருங்கள். மற்றதெல்லாம் நாலைந்து கோட்டில் முடிய, ஒன்றில் மட்டும் பன்னிரண்டு இருந்தால் அதைத்தான் மாற்ற வேண்டும்.

---

பிளாட்டர்காரர் எழுதியது:

வேலைக்கு நடுவுல எழுதறேன், சுருக்கமா சொல்லிடறேன். நான் வினைல் வெட்டி பலகை ஒட்டறவன். இந்த மெல்லிசுக் கோட்டு ஐகானைக் கொண்டுவந்து "அண்ணே, இதைச் சுவர்ல பெருசா ஒட்டுங்க"ன்னு கேட்பாங்க. ஸ்கிரீன்ல அழகா இருக்கும். வாசல்லேருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. பலகைக்கு நிரப்பின உருவம்தான். தூரத்துல கண்ணுக்குப் பிடிபடறது உருவத்தோட மொத்த வடிவம்தான்.

இன்னொண்ணு. கோடு கோடாவே இருக்கற ஃபைலை பிளாட்டர்ல போட்டா, மெஷின் கோட்டோட நடுவுல ஒரே ஒரு கீறல் போட்டுட்டுப் போயிடும். தடிமன்னா என்னன்னு அதுக்குத் தெரியாது. இங்க்ஸ்கேப்ல `Path > Stroke to Path` பண்ணி, ஒண்ணோட ஒண்ணு வெட்டற இடத்தை `Union` பண்ணித்தான் கொடுக்கணும். மேல அண்ணன் திட்டின அதே வடிவம் எங்களுக்குத் தேவை.

அலமாரி லேபிள்ல வர்ற சின்ன ஐகான்ல ரெண்டு மில்லிமீட்டருக்குக் கீழ கோடு போனா, தேவையில்லாததை உரிக்கறப்போ கோடும் சேர்ந்து வந்துடும். இது என் அனுபவம், வேற மெஷின்ல வேற மாதிரி இருக்கலாம்.

---

கோடும்புள்ளியும் எழுதியது:

திட்டவில்லை அண்ணே, எந்த வேலைக்கு எந்தக் கோப்பு என்பதுதான். தொகுப்பின் மூலக் கோப்பைக் கோடாகவே வைத்துக்கொள்ள வேண்டும், வெட்டுக்குக் கொடுக்கும் நகலை மட்டும் மாற்ற வேண்டும். மூலத்தையே மாற்றிவிட்டால் திரும்பி வர வழியில்லை.

பலகைக்கு நிரப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொது இடக் குறியீடுகளின் பரம்பரையே அதுதான். 1920களின் கடைசியில் வியன்னாவில் தொடங்கி, ஓட்டோ நொய்ராத்தோடு சேர்ந்து கெர்ட் ஆர்ன்ட்ஸ் வரைந்த ஐசோடைப் உருவங்களை எடுத்துப் பாருங்கள். லினோலியத்தில் செதுக்கி அச்சிட்டது. மெல்லிய கோட்டுக்கு அங்கே வேலையே இல்லை, எல்லாம் திட்டான நிழலுருவம். ஏறத்தாழ நாலாயிரம் உருவம் வரைந்தும் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

நூலகமேசை, உங்களுக்கு வாசல் பலகையும் வேண்டும் என்றால் கழிப்பறை, மின்தூக்கி, படிக்கட்டு, குடிநீர் போன்றவற்றுக்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக ஏஐஜிஏ என்ற வரைகலையாளர் அமைப்பு 1974இல் செய்த குறியீடுகள் இருக்கின்றன. முதலில் 34, 1979இல் சேர்த்து மொத்தம் 50. பதிப்புரிமைத் தடை இல்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம். 50உம் ஒரே கை வரைந்த மாதிரி இருக்கும்.

---

நூலகமேசை எழுதியது:

பலகை இந்த ஆண்டு இல்லை, ஆனால் குறித்து வைத்துக்கொண்டேன். சக்கர நாற்காலிக் குறியும் தீ அவசர வெளியேறும் வழியும் கையேட்டின் வரைபடத்தில் வருகின்றன. அவற்றையும் கோட்டு ஐகானாக மாற்றிவிடட்டுமா? அப்போதுதானே எல்லாம் ஒன்றாக இருக்கும்?

---

பிளாட்டர்காரர் எழுதியது:

அதுல கை வைக்காதீங்கம்மா. வெளியேறும் வழிக் குறி ஐஎஸ்ஓ 7010 தரத்துல வர்றது. பச்சைல வெள்ளையா ஓடற ஆள். புகைக்கு நடுவுல ஓடறவன் நின்னு நிதானமா ரசிக்கமாட்டான், பழகின படமா இருந்தாத்தான் தேறும். உங்க பக்கத்து ஸ்டைலுக்காக அதை நீலக் கோடாக்கினா யாருக்கும் லாபமில்லை.

---

கோடும்புள்ளியும் எழுதியது:

ஆமோதிக்கிறேன். சக்கர நாற்காலியும் அப்படியே இருக்கட்டும். அதுபோல மற்ற நிறுவனங்களின் சின்னங்கள், சமூக ஊடக லோகோ வகையறா. பெரும்பாலும் அவற்றுக்கென்று தனி விதி எழுதி வைத்திருப்பார்கள், கோட்டை மெலிய வைக்கவோ மூலையை மழுக்கவோ கூடாது என்று. பக்கத்தின் அடியில் தனி வரிசையாக வைத்துவிட்டால் மற்றவற்றோடு மோதாது.

---

வண்ணப்பென்சில் எழுதியது:

ஐகான் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். வாசிப்புக் கூடத்துக்கு இருக்கும் அந்த வண்ணச் சித்திரம்? சிறுவர் பகுதிக் கரடி? அவை ஐகான் இல்லை, சித்திரம். சிறுவர் பயிற்சிப் புத்தகங்களுக்குப் படம் வரைவதுதான் என் பிழைப்பு, என் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

எங்களுக்குக் கொடுக்கப்படும் கையெழுத்துப் பிரதியில் ஏற்கெனவே சில இலவசச் சித்திரங்கள் ஒட்டியிருக்கும். "இதோடு பொருந்துகிற மாதிரி இன்னும் ஐந்து வரையுங்கள்" என்பார்கள். ஒட்டியிருப்பவையே ஒன்றோடொன்று பொருந்தாது! ஒன்றில் குழந்தையின் தலை உடம்பில் மூன்றில் ஒரு பங்கு, இன்னொன்றில் ஏழில் ஒரு பங்கு. ஒன்றில் கண் வெறும் புள்ளி, இன்னொன்றில் இமை, விழி, மினுக்கம் எல்லாம் இருக்கும். ஒரே பக்கத்தில் இரண்டையும் வைத்தால், ஒருவர் சிறுமி, மற்றவர் அவளைவிடச் சின்ன உயரத்தில் நிற்கும் பெரியவரா என்று குழந்தைகள் கேட்கிறார்கள்.

அதைவிட நுட்பமாகக் கெடுப்பது வெளிச்சம். ஒரு படத்தில் நிழல் வலது பக்கம் விழும், அடுத்ததில் இடது பக்கம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சேர்த்து வைத்தால் பக்கம் முழுவதும் ஏதோ சரியில்லை என்று தோன்றும், ஆனால் எது என்று சொல்ல வராது. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டால் நிழல் சரியாகிவிடும். அதற்கு முன்னால் படத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடிகாரம் இருந்தால் நேரம் மாறும், புத்தக அட்டையில் எழுத்து இருந்தால் கண்ணாடி பிம்பமாகும், எழுதிக்கொண்டிருப்பவர் இடக்கையராகிவிடுவார்.

என் யோசனை: ஐகான் ஒரு குடும்பம், சித்திரம் ஒரு குடும்பம். இரண்டையும் ஒன்றாக்க முயற்சிக்காதீர்கள். சித்திரம் பக்கத்துக்கு ஒன்று போதும், ஒரே ஓவியரின் தொகுப்பிலிருந்து. ஐகானில் வரும் அந்த அடர்நீலம் சித்திரத்திலும் எங்காவது, ஒரு சட்டையிலோ நாற்காலியிலோ வரட்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன என்று காட்ட அது போதும்.

---

வேகவேங்கை எழுதியது:

unDraw மாதிரி தளத்துல எடுத்தா கலர் கோட் கொடுத்தாப் போதும், அந்தக் கலர்லயே டவுன்லோட் ஆகும். எல்லாம் ஒரே ஸ்டைல் வேற.

---

வண்ணப்பென்சில் எழுதியது:

ஆமாம், அது வசதிதான். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு, ஊரில் பாதிப் பக்கங்களில் அதே ஆட்கள்தான் லேப்டாப் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் நூலகமேசைக்கு அது பெரிய குறை இல்லை. கரடியை மட்டும் தூக்கிவிடுங்கள்.

---

நூலகமேசை எழுதியது:

கரடியைத் தூக்கினால் சிறுவர் பகுதிப் பொறுப்பாளர் என்னைத் தூக்கிவிடுவார். அது ஒரு தனிப் பேச்சுவார்த்தை.

இப்போது பன்னிரண்டு Lucide-இலேயே கிடைத்துவிட்டன. ஒன்று "புதுப்பித்தல்", அதாவது எடுத்த நூலுக்குத் தவணை நீட்டிப்பது. இன்னொன்று "பிரெய்ல் நூல்கள்". புதுப்பித்தலுக்குப் புத்தகத்தையும் சுற்றும் அம்பையும் சேர்த்துப் போடலாம் என்று அம்பைச் சின்னதாக்கிப் புத்தகத்தின் மூலையில் வைத்தேன். அம்பு மட்டும் நூல் மாதிரி மெலிந்துவிட்டது.

---

கோடும்புள்ளியும் எழுதியது:

சுருக்கும்போது கோட்டையும் சேர்த்துச் சுருக்கிவிட்டீர்கள். பாதி அளவுக்குச் சுருக்கினால் தடிமனும் பாதி. இங்க்ஸ்கேப்பில் அளவு மாற்றும்போது கோட்டையும் மாற்றவா என்று கேட்கும் அமைப்பு ஒன்று, `Scale stroke width`, `Preferences > Behavior > Transforms` பக்கத்தில் இருக்கும். அதை அணைத்துவிட்டுச் சுருக்குங்கள். அம்பு சின்னதாகும், கோடு அப்படியே இருக்கும்.

அப்போது இன்னொன்று தெரியும். சின்ன இடத்தில் அதே தடிமன் இருப்பதால் அம்பின் உட்புறம் அடைத்துக்கொண்டு உருண்டையாகத் தெரியும். ஆகவே அம்பை எளிமையாக்குங்கள். இரட்டை அம்பு என்றால் ஒற்றை அம்பாக. புத்தகத்தின் வலது கீழ் மூலையைத் திறந்துவிட்டு, அதாவது அந்த இடத்தில் விளிம்புக் கோட்டை நிறுத்திவிட்டு, அம்பை அங்கே வையுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் குறைந்தது ஒரு கோட்டுத் தடிமன் அளவு வெள்ளை இருக்கட்டும். Lucide-இன் விதியும் தனித்தனிப் பகுதிகளுக்கு நடுவில் 2 அலகு விடச் சொல்கிறது.

பிரெய்லுக்கு நானே ஒன்று எழுதிப் பார்த்தேன். புள்ளியைத் தனி வட்டமாக வரையவில்லை. நீளமே இல்லாத அளவுக்குக் குட்டியான கோடு ஒன்றை உருண்டை முனையோடு போட்டால் அதுவே புள்ளி ஆகிவிடும். அதனால் நாளைக்குத் தடிமனை மாற்றினால் புள்ளியும் கூடவே மாறும்.

```
<svg xmlns="http://www.w3.org/2000/svg" viewBox="0 0 24 24" width="48" height="48"
  fill="none" stroke="currentColor" stroke-width="1.5"
  stroke-linecap="round" stroke-linejoin="round">
  <rect x="4" y="2" width="16" height="20" rx="2"/>
  <path d="M10 8h.01M14 8h.01M10 12h.01
    M14 12h.01M10 16h.01M14 16h.01"/>
</svg>
```

தடிமன் 1.5 என்று போட்டிருக்கிறேன், 48 பிக்சலில் 2 கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். பதினான்குக்கும் அதையே வையுங்கள். பட்டியலில் 20 பிக்சலில் வரும் இடத்தில் மட்டும் 2 ஆக்குங்கள், இல்லாவிட்டால் மங்கிவிடும். எங்கே காட்டினாலும் ஒரே எண் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம், கண்ணுக்கு ஒரே கனமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

---

வேகவேங்கை எழுதியது:

Font Awesome-ல பிரெய்ல் ஐகான் ரெடியாவே இருக்கே, எதுக்கு வரையணும்? புள்ளிதானே, நிரப்பினாலும் கோடானாலும் புள்ளி புள்ளிதான்.

---

கோடும்புள்ளியும் எழுதியது:

அதில் நியாயம் இருக்கிறது. தனியாகப் புள்ளிகள் மட்டும் என்றால் எந்தத் தொகுப்பிலிருந்து வந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. புத்தகத்தோடு சேர்ந்து வர வேண்டும் என்பதால்தான் வரைந்தேன்.

---

செவிவழி எழுதியது:

நான் திரைவாசிப்பான் வைத்துப் படிப்பவன், பிரெய்லும் படிப்பவன். இரண்டு விஷயம்.

ஆறு புள்ளியையும் போட்டால் அது "பிரெய்ல்" என்று யாருக்குச் சொல்கிறது? என்னோடு வரும் பார்வையுள்ள நண்பருக்கு. எனக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துதான் உதவும். ஆகவே படத்துக்கு அடியில் "பிரெய்ல் நூல்கள்" என்று எழுதியிருப்பதை எடுத்துவிடாதீர்கள். எழுத்து இருக்கும் இடத்தில் ஐகானுக்கு `aria-hidden="true"` போடுங்கள், இல்லாவிட்டால் சில பக்கங்களில் ஒரே பெயரை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டுகிறது.

இரண்டாவது, அச்சில் புடைப்பாகக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் அந்த ஆறு புள்ளி ஒரு எழுத்தாகிவிடும். என்ன எழுத்து வர வேண்டும் என்று முடிவு செய்து போடுங்கள். திரையில் பிரச்சினை இல்லை.

---

நூலகமேசை எழுதியது:

`aria-hidden` எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டேன், இதுவரை இல்லை. நன்றி.

மாற்றிய பக்கத்தை மங்கலாக்கிப் பார்த்தேன். பதிமூன்று ஒரே சாம்பல். தாமதக் கட்டணம் மட்டும் கொஞ்சம் கரிப்பாகத் தெரிகிறது, நாணய அடுக்கு வைத்திருக்கிறேன், அதில் கோடு அதிகம். எண்ணிப் பார்த்தால் பத்து. ஒற்றை நாணயமும் கடிகாரமும் என்று மாற்றிப் பார்க்கிறேன்.

---

வேகவேங்கை எழுதியது:

ஒரு கேள்வி. மெனுல தேர்ந்தெடுத்த ஐகான் மட்டும் நிரப்பினதா மாறும், மத்தது கோடா இருக்கும், போன் ஆப்ல எல்லாம் அப்படித்தானே? அது மட்டும் ஸ்டைல் கலப்பு இல்லையா?

---

கோடும்புள்ளியும் எழுதியது:

அங்கே நிரப்பு என்பதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது, "நீ இங்கே இருக்கிறாய்" என்று. அர்த்தத்தோடு வரும் வித்தியாசம் கலப்பு ஆகாது. ஒரே தொகுப்பில் கோடும் நிரப்பும் ஜோடியாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். Lucide-இல் கோடு மட்டும்தான், எல்லா உருவத்தையும் நிரப்பிவிட முடியாது. சிலதை நிரப்பினால் உள் விவரம் மூழ்கிவிடும்.

---

வண்ணப்பென்சில் எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடில்லை. நிறத்தை மாற்றியோ அடியில் கோடு போட்டோ அதையே சொல்லலாமே. நிரப்பினால் கனம் கூடுகிறது, நீங்களே மங்கலாக்கிப் பார்க்கச் சொன்னீர்கள்.

---

கோடும்புள்ளியும் எழுதியது:

கனம் கூட வேண்டும் என்பதுதானே அங்கே நோக்கம்? நிறம் மட்டும் மாற்றினால் நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்குத் தெரியாது. அடிக்கோடு சரி, அதை ஏற்கிறேன்.

---

நூலகமேசை எழுதியது:

எங்கள் மெனுவில் அடிக்கோடு போதும் என்று நினைக்கிறேன். கரடி விஷயம்: சிறுவர் பகுதிப் பக்கத்தின் தலைப்பில் சித்திரமாக இருக்கட்டும், ஐகான் வரிசையில் வேண்டாம் என்று பேசி முடித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கரடிக்குக் கறுப்பு விளிம்பு, வாசிப்புக் கூடத்துச் சித்திரத்துக்கு விளிம்பே இல்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் வராது, தனித்தனிப் பக்கம். அப்படியே விடலாமா?

---

வண்ணப்பென்சில் எழுதியது:

கோப்பு என்ன வகை? `WMF` அல்லது `EMF` என்றால் இங்க்ஸ்கேப்பில் திறந்து விளிம்பை எடுத்துப் பார்க்கலாம். விளிம்பு தனி வடிவமாக இருந்தால் நீக்கியதும் காதும் முகமும் ஒரே பழுப்பில் கலந்துவிடும், அப்போது காதை ஒரு சாயல் அடர்த்தியாக்க வேண்டியிருக்கும். கோப்பை இங்கே ஏற்றுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.